இரண்டு லோகோவில் எது? ஓட்டெடுப்பா, தனிப் பேச்சா, களச் சோதனையா

டிசைனர் இரண்டு லோகோ அனுப்பியிருக்கிறார். இரண்டும் பரவாயில்லை. பங்குதாரர் ஒருவருக்கு முதலாவது பிடித்திருக்கிறது, இன்னொருவருக்கு இரண்டாவது. பேசிப் பேசி அலுத்தபின், "சரி, வாடிக்கையாளர்களிடமே கேட்டுவிடலாம்" என்று முடிவாகிறது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். இரண்டு நாளில் நாற்பது பதில்கள் வருகின்றன. அதில் நான்கு பேர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். இப்போது குழப்பம் முன்பைவிடக் கூடிவிட்டது.

இந்த இடத்தில் நின்றுகொண்டு "எந்த லோகோவை எடுக்கட்டும்?" என்று கேட்பவர்கள் அதற்கு முன்னால் இன்னொரு தேர்வைச் செய்திருக்க வேண்டும்: எந்த முறையில் சோதிப்பது என்பது. நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் தரும்.

## முதலில் எதை வைத்து எடைபோடுவது

யாருக்கும் எதையும் காட்டுவதற்கு முன், இந்த லோகோ என்ன வேலை செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிவிடுங்கள். மூன்று வரி போதும். ஒருமுறை பார்த்தவருக்கு மறுநாள் பெயர் நினைவுக்கு வர வேண்டுமா? போட்டியாளர்களின் லோகோக்கள் நடுவே பிரித்துக் காட்ட வேண்டுமா? பில்லின் மூலையிலும் கைபேசித் திரையிலும் சிறிதாக வரும்போது தெளிவாக இருக்க வேண்டுமா? மூன்றும் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அதனால் எது முதலாவது, எது இரண்டாவது என்று வரிசையும் போட்டுவிட வேண்டும். முடிவுகள் வந்தபிறகு வரிசை போட்டால், நமக்குப் பிடித்த லோகோ எதில் ஜெயித்ததோ அதுதான் முதலிடத்துக்கு வரும்.

அடுத்து, சோதனை முறையை எடைபோட நான்கு விஷயங்களைப் பார்க்கலாம். அது அந்த வேலையை அளக்கிறதா, அல்லது ரசனையை அளக்கிறதா? ஒருவர் சொன்னது இன்னொருவரின் பதிலை மாற்றுமா? நம்பத்தக்க பதில் கிடைக்க எத்தனை பேர் வேண்டும்? வெளியே தெரியாத செலவு என்ன?

| | ஓட்டெடுப்பு | தனிப் பேச்சு | களச் சோதனை |
|---|---|---|---|
| எதை அளக்கிறது | எது பிடிக்கிறது | எப்படிப் புரிகிறது, நினைவில் நிற்கிறதா | பார்த்தவர் என்ன செய்கிறார் |
| தேவையான ஆட்கள் | நூற்றுக்கு மேல் | ஒரு லோகோவுக்குப் பத்துப் பன்னிரண்டு | பல்லாயிரம் பார்வைகள் |
| ஒருவர் மற்றவரைப் பாதிப்பது | அதிகம் | மிகக் குறைவு | அநேகமாக இல்லை |
| ஆகும் காலம் | ஓரிரு நாள் | ஒரு வாரம் | பல வாரங்கள் |
| மறைமுகச் செலவு | தோற்ற பக்கத்தின் வருத்தம் | கேட்பவரின் சாய்வு | லோகோ முன்கூட்டியே வெளியாவது |

## ஓட்டெடுப்பு

செலவில்லை, சுலபம், கலகலப்பாகவும் இருக்கும். ஆனால் இதன் அடிப்படையிலேயே ஒரு கோளாறு உண்டு. உங்கள் வாடிக்கையாளர் வாழ்நாளில் ஒருமுறைகூட இந்த இரண்டு லோகோக்களையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கப் போவதில்லை. ஒன்றைத்தான் பார்ப்பார், அதுவும் போகிற போக்கில். அருகருகே வைத்தவுடன் கண் வித்தியாசங்களைத் தேட ஆரம்பித்துவிடும். "இதில் நிறம் கொஞ்சம் அடர்த்தி", "அதில் எழுத்து மெல்லிசு" என்று வரும் பதில்கள் ஒப்பிட்டதால் பிறந்தவை. தனியாகப் பார்த்தால் அவை யார் கண்ணிலும் படாது.

இரண்டாவது சிக்கல் எண்ணிக்கை. நாற்பது பேரில் 24 பேர் ஒரு பக்கம், 16 பேர் மறுபக்கம் என்றால் அது தெளிவான வெற்றி மாதிரித் தெரியும். ஆனால் ஒரு நாணயத்தை நாற்பது தடவை சுண்டினாலும், ஏதோ ஒரு பக்கம் 24 அல்லது அதற்கு மேல் விழுவது நான்கில் ஒரு தடவைக்குச் சற்று அதிகமாகவே நடக்கும். அதாவது மக்களுக்கு இரண்டும் ஒன்றுதான் என்றாலும் இப்படி ஒரு 'வெற்றி' சாதாரணமாக வரும். நூறு பேரில் அறுபதுக்கு நாற்பது என்றால் கொஞ்சம் நம்பலாம். அங்கே தற்செயலுக்கு ஏறக்குறைய பதினெட்டில் ஒரு வாய்ப்புதான். அப்போதும் அது 'பிடிக்கிறது' என்ற கேள்விக்கான பதில் மட்டுமே.

மறைமுகச் செலவு ஒன்று இருக்கிறது. ஓட்டுப் போட்டவர் அதைத் தன் முடிவாக நினைக்க ஆரம்பிப்பார். நீங்கள் மற்றதை எடுத்தால், கேட்டுவிட்டு மதிக்கவில்லை என்ற மனக்கசப்பு மிஞ்சும். கேட்காமலே இருந்திருந்தால் அது வந்திருக்காது.

எப்போது சரி? இரண்டு லோகோக்களும் வேலைக்குப் பொருந்தும் என்று வேறு வழியில் உறுதியானபின், எது வந்தாலும் சம்மதம் என்ற நிலையில் ஓட்டெடுப்பு நடத்தலாம். அப்போது எண்ணிக்கை சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் தயாராக இருக்க வேண்டும். ஒருவர் பதிலை இன்னொருவர் பார்க்காதபடி வைத்து, பாதிப் பேருக்கு ஒன்றும் மீதிப் பேருக்கு மற்றதும் முதலில் வருமாறு வரிசையை மாற்றி அனுப்புவது குறைந்தபட்ச மரியாதை.

## தனிப் பேச்சு

பெரும்பாலான சிறு நிறுவனங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். வாடிக்கையாளர்களில் ஓர் இருபத்துநான்கு பேரைக் கலந்து எடுத்து இரண்டாகப் பிரியுங்கள். பழையவர், புதியவர், ஒரே ஒருமுறை வந்து திரும்ப வராதவர் என்று எல்லா வகையும் இரு பக்கமும் இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரே ஒரு லோகோவைத்தான் பார்ப்பார். இன்னொன்று இருப்பதே அவருக்குத் தெரியக்கூடாது.

வெள்ளைத் தாள் நடுவில் பெரிதாக அச்சடித்துக் காட்ட வேண்டாம். அது டிசைனர்கள் பார்க்கும் விதம். பில்லின் தலைப்பில், ஊழியரின் சட்டைப் பையில், கைபேசித் திரையில் என்று அது வாழப் போகும் இடத்தில் வைத்துக் காட்டுங்கள். ஐந்து விநாடி காட்டிவிட்டு மறைத்துவிடுங்கள். அப்புறம் கேளுங்கள்: என்ன பார்த்தீர்கள்? பெயர் என்ன இருந்தது? என்ன வேலை செய்கிற நிறுவனம் என்று தோன்றியது? "பிடித்திருக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால், முகத்துக்கு நேராக யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள்.

மறுநாள் ஒரு சின்ன அழைப்பு. எதையும் காட்டாமல், நேற்றுப் பார்த்த நிறுவனத்தின் பெயரைக் கேளுங்கள். பிறகு போட்டியாளர்களின் ஐந்து லோகோக்களுடன் உங்களுடையதையும் கலந்து அனுப்பி, நேற்றுப் பார்த்தது எது என்று கேளுங்கள். இந்த இரண்டாவது நாளைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் பாதித் தகவல் அங்கேதான் இருக்கிறது.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? கேட்பவரிடம். லோகோ வரைந்தவரோ நிறுவன உரிமையாளரோ கேட்டால், பதில்கள் தானாகவே இனிப்பாகிவிடும். எதிலும் பங்கில்லாத ஒருவர் கேட்க வேண்டும். வந்த வார்த்தைகளைச் சுருக்காமல், சொன்னபடியே எழுத வேண்டும். "ஏதோ வீடு மாதிரி... ஆங், வாடகைக்கு விடுறவங்களா?" என்று ஒருவர் தடுமாறிச் சொன்னதை "வீடு என்று புரிந்தது" என்று எழுதிவிட்டால், அந்தத் தடுமாற்றத்தில் இருந்த செய்தி போய்விடும். இன்னொன்று, பன்னிரண்டு பேரை வைத்துச் சதவீதம் பேசக்கூடாது. பெரிய இடைவெளிகளை மட்டுமே இந்த முறை காட்டும்.

## களச் சோதனை

பாதிப் பேருக்கு ஒரு லோகோவுடன் விளம்பரம், பாதிப் பேருக்கு மற்றதுடன். யார் அழுத்துகிறார்கள், யார் அழைக்கிறார்கள் என்று எண்ணுவது. யாரிடமும் கருத்தே கேட்பதில்லை என்பதால் சத்தமான குரல் என்ற பிரச்சினையே எழாது. கேட்க அருமையாக இருக்கிறது, கணக்கு மட்டும் ஒத்துழைக்காது. விளம்பரத்தைப் பார்ப்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது 1 சதவீதத்திலிருந்து 1.2 ஆவதை ஓரளவு நம்பிக்கையோடு கண்டுபிடிக்க, ஒவ்வொரு லோகோவையும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் பார்க்க வேண்டும். விளம்பரத்தில் லோகோ ஒரு மூலையில் இருக்கும் சின்ன விஷயம், அதனால் இவ்வளவு வித்தியாசம் வருவதே அபூர்வம். போதாததற்கு, பல விளம்பரத் தளங்கள் ஆரம்பத்தில் முந்துவதையே தானாக அதிகம் பேருக்குக் காட்ட ஆரம்பித்துவிடும். இரண்டு குழுக்களும் சமமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துபோகும். வர்த்தகக் குறியாகப் பதிவு செய்வதற்கு முன்பே இரண்டு லோகோக்களும் வெளியே போய்விடுவது தனிக் கவலை.

ஆனால் ஏற்கனவே பெரிய விற்பனை இருந்து, பழைய அடையாளத்தை மாற்றப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டிராபிகானா நிறுவனம் அமெரிக்காவில் தன் பழச்சாறு அட்டைப்பெட்டியின் தோற்றத்தை மாற்றியது. இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிய, பழைய பெட்டியே திரும்ப வந்தது. கடை அலமாரியில் வழக்கமான பெட்டியைத் தேடியவர்களுக்கு அது கண்ணில் படவில்லை என்பது அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். இப்படிப்பட்ட தவறை ஓட்டெடுப்பில் பிடிப்பது கடினம். நிஜ அலமாரியில், நிஜ அவசரத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அந்த அளவு வியாபாரத்துக்குச் சில கடைகளில் மட்டும் முன்கூட்டி வைத்துப் பார்ப்பது செலவே இல்லை.

## ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. வீட்டு மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சேவை. முதல் லோகோவில் நிறுவனத்தின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது, ஓர் எழுத்தின் குறுக்கே திருகாணித் தலையில் இருப்பதுபோல ஒரு வெட்டு. இதை எழுத்து லோகோ என்போம். மற்றது சிம்பல் லோகோ: வீட்டின் வெளிக்கோடு, உள்ளே ஒரு ஸ்பேனர், கீழே சிறிய எழுத்தில் பெயர்.

இந்தச் சேவையை ஒருவர் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கைபேசியில் பெயரைத் தட்டித் தேடுவார். ஆகவே பெயர் நினைவில் நிற்பதுதான் முதல் தேவை என்று முன்கூட்டியே எழுதியாகிவிட்டது. பார்த்தவுடன் அடையாளம் தெரிவது இரண்டாவது. வேலை என்னவென்று புரிவது மூன்றாவது.

தனிப் பேச்சு நடந்தது. மறுநாள் பெயரைச் சரியாகச் சொன்னவர்கள் எழுத்து லோகோவில் 12க்கு 8, சிம்பலில் 12க்கு 3. ஆறு லோகோக்களின் நடுவில் அடையாளம் கண்டவர்கள் எழுத்தில் 7, சிம்பலில் 10. வேலை என்னவென்று சரியாக யூகித்தவர்கள் எழுத்தில் 5, சிம்பலில் 8. சிம்பலைப் பார்த்த மற்ற நால்வரில் மூன்று பேர் வீடு விற்கிறவர்கள் என்று நினைத்தார்கள்.

எட்டுக்கு மூன்று என்ற இடைவெளி வெறும் தற்செயலால் வரும் வாய்ப்பு பத்தில் ஒன்று. உறுதியான நிரூபணம் ஆகாது, ஆனால் முதல் தேவையில் இவ்வளவு சாய்வு இருந்தால் மதிக்க வேண்டும். பத்துக்கு ஏழு என்பது மூன்றில் ஒரு தடவைக்கு மேல் தற்செயலாகவே வந்துவிடும். எட்டுக்கு ஐந்தும் அதே ரகம்தான். அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எழுத்து லோகோ முன்னால் நிற்கிறது.

இப்போது சத்தம் வருகிறது. பல வருட வாடிக்கையாளர் ஒருவர் நான்கு நிமிடக் குரல் செய்தி அனுப்புகிறார். எழுத்து லோகோ சப்பென்று இருக்கிறது, பழைய காலத்து நிறுவனம் மாதிரித் தெரிகிறது, சிம்பல்தான் பிரமாதம் என்கிறார். பங்குதாரர்களில் சிம்பலை விரும்பியவர் அந்தச் செய்தியை எல்லோருக்கும் போட்டுக் காட்டுகிறார். இப்படித்தான் வெளியே எழும் சத்தம், உள்ளே இருக்கும் சத்தத்தோடு கை கோத்துக்கொள்ளும்.

## கருத்துகளை மூன்று குவியலாகப் பிரிப்பது

வந்த எல்லாவற்றையும் ஒரு சீட்டுக்கு ஒரு கருத்து என்று எழுதுங்கள். நான்கு நிமிடப் பேச்சும் மூன்று சீட்டுதான், ஒரு வரிப் பதிலும் ஒரு சீட்டுதான். எந்த லோகோ, யார் சொன்னது என்பதைப் பின்பக்கம் எழுதி வைத்தால் பிரிப்பவரின் கை சாயாது. பிறகு ஒவ்வொரு சீட்டும் எந்த வகை என்று பாருங்கள்.

முதல் குவியல், சரிபார்க்கக்கூடிய உண்மைகள். வேறொரு நிறுவனத்தின் லோகோ மாதிரியே இருக்கிறது, எழுத்து தப்பாக வாசிக்கப்படுகிறது, கறுப்பு வெள்ளையில் காணாமல் போகிறது என்பவை. இதற்கு ஒரே ஒரு குரல் போதும், ஏனென்றால் நீங்களே போய்ப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது, புரிதல்கள். "வீடு விற்கிறவர்கள் போல", "பழைய நிறுவனம் மாதிரி" என்பவை. இதில் ஒருவர் சொன்னால் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். தூண்டாமலே மூன்று நான்கு பேர் தனித்தனியாக அதையே சொன்னால் அங்கே ஏதோ இருக்கிறது.

மூன்றாவது, ரசனை. "பிரமாதம்", "சப்பென்று இருக்கிறது". இதற்கு மிகக் குறைந்த எடைதான். புதிதாகப் பார்ப்பது முதலில் உறுத்தும், திரும்பத் திரும்பப் பார்க்கப் பார்க்கப் பிடிப்பு கூடும் என்பதை ராபர்ட் ஸயான்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் சோதனைகளோடு எழுதினார். லண்டன் ஒலிம்பிக்ஸின் லோகோ 2007 ஜூனில் வெளியானபோது அதை மாற்றச் சொல்லிப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். அமைப்பாளர்கள் மாற்றவில்லை. 2012 போட்டிகள் அதே லோகோவுடன்தான் நடந்தன. எதிர்ப்பு என்றால் எப்போதும் புறக்கணிக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. டிராபிகானாவில் புகார் சொன்னவர்கள் சொன்னது விற்பனைக் கணக்கிலும் தெரிந்தது. எதிர்ப்பின் அளவை விட, அது வேறு ஏதாவது அளவீட்டோடு ஒத்துப்போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். குரல் செய்தியின் மூன்று சீட்டில் இரண்டு ரசனை. மீதி ஒன்று, 'பழைய காலத்து நிறுவனம்' என்பது புரிதல் வகை. எழுத்து லோகோவைப் பார்த்த பன்னிரண்டு பேரின் பதிவுகளில் தேடினால், அந்த அர்த்தத்தில் பேசியவர் ஒரே ஒருவர். குரல் கொடுத்தவரிடம், எங்கே பார்த்தீர்கள் என்று விசாரித்தால் இரண்டையும் அருகருகே வைத்த படம் யாரோ அனுப்பி அவருக்குப் போயிருக்கிறது. ஆக அவர் பதில் ஓட்டெடுப்பின் பதில். அவருக்கு நன்றி சொல்லி, முடிவு எதை வைத்து எடுக்கப்படுகிறது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பழைய வாடிக்கையாளர், அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை. ஆனால் அவருக்குப் பெயர் ஏற்கனவே மனப்பாடம். லோகோவின் முதல் வேலை அவரிடம் இல்லவே இல்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இதற்கு நடுவில் ஒரு சீட்டு எல்லோர் கண்ணிலிருந்தும் தப்பப் பார்த்தது. எழுத்து லோகோவைப் பில்லில் பார்த்த ஒருவர், பேச்சின் கடைசியில் "இந்த எழுத்துல மை படலையா?" என்று மட்டும் கேட்டிருந்தார். திருகாணி வெட்டு அவருக்கு அச்சுக் கோளாறாகத் தெரிந்திருக்கிறது. இது முதல் குவியல். பில் அடிக்கும் வெப்ப அச்சு இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்த்தால் அவர் சொன்னது சரி: அந்த அளவில் வெட்டு ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகிவிடுகிறது, தேய்ந்த அச்சு முனையில் வரும் கோட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை.

"இதிலிருந்து எழுத்தையும் அதிலிருந்து வீட்டையும் சேர்த்துவிடலாமே" என்று இந்தக் கட்டத்தில் யாராவது கட்டாயம் சொல்வார்கள். அப்படிச் சேர்த்தால் அது மூன்றாவது லோகோ. இதுவரை எடுத்த எண் எதுவும் அதற்குச் செல்லாது, முதலிலிருந்து சோதிக்க வேண்டும். சிம்பலில் பெயரைப் பெரிதாக்கிப் பார்க்கலாம் என்பதும் நியாயமான யோசனைதான். நேரமும் இன்னொரு வாரமும் இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் எழுத்து லோகோவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வெட்டைச் சிறிய அளவுகளில் மட்டும் மூடிய ஒரு வடிவத்தை டிசைனரிடம் கேட்டு வாங்கி, இதுவரை எதையும் பார்க்காத ஐந்தாறு பேரிடம் அதே பில்லைக் காட்டி, அந்த ஓர் எழுத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்று பார்த்தால் அச்சுக்கு அனுப்பிவிடலாம்.